குடும்பக் கணக்கு: வீட்டுக் கடனில் வட்டி கூடியிருந்தால் வங்கிக்கு எப்படி எழுதுவது?



கெடா மாநிலத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். தோட்டத்து லயத்தை விட்டுப் பட்டணத்து ஓரத்தில் ஒரு தரை வீடு வாங்கி, கணவரும் அவரும் சேர்ந்து மாதம் 700 வெள்ளி கட்டி வருகிறார்கள். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில் வந்த கணக்கறிக்கையைப் பார்த்ததும் அவருக்கு ஒரு சந்தேகம். "நாட்டில் வட்டி குறைந்துவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். எங்களுக்கு மட்டும் குறையவே இல்லையே! வங்கியில் கேட்டால், கம்ப்யூட்டர் போட்ட கணக்கு தப்பாது என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

கம்ப்யூட்டர் கூட்டல் கழித்தலில் தவறாது என்பது மெய்தான். ஆனால் எந்த விகிதத்தை வைத்துக் கணக்குப் போடவேண்டும் என்று அதற்குச் சொல்வது மனிதர்தாமே? அங்கே தவறு நேரலாம். அதைக் கண்டுபிடிக்க நான்காம் வகுப்புக் கணக்கே போதும்.

முதலில் கடன் வாங்கிய நாளில் வங்கி கொடுத்த "லெட்டர் ஆஃப் ஆஃபர்" என்ற கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுங்கள். வட்டி எப்படி என்று அதில் ஒரு வரி இருக்கும். 2015-ஆம் ஆண்டுக்கு முன் வாங்கிய கடன்களில் "பி.எல்.ஆர்." என்றும், 2015 முதல் 2022 ஜூலை வரை வாங்கியவற்றில் "பி.ஆர்." என்றும், 2022 ஆகஸ்டு 1 முதல் வாங்கியவற்றில் "எஸ்.பி.ஆர்." என்றும் போட்டிருக்கும். இவை ஏறி இறங்கும் அடிப்படை விகிதங்கள். அதோடு ஓர் எண்ணைக் கூட்டியோ, பழைய கடனானால் பெரும்பாலும் கழித்தோ, உங்கள் வட்டியைச் சொல்லியிருப்பார்கள். அந்த எண் மாறாதது. "ஃபிக்ஸட்" என்று போட்டிருந்தால் நாட்டில் வட்டி ஏறினாலும் இறங்கினாலும் உங்களுக்கு அசையாது. அப்படியானால் வட்டி குறையவில்லை என்று வழக்காட இடமில்லை.

நம் சகோதரி 2023-ஆம் ஆண்டில் வாங்கிய கடனுக்கு "எஸ்.பி.ஆர். கூட்டல் 1.35 விழுக்காடு" என்று எழுதியிருக்கிறது. அப்போது எஸ்.பி.ஆர். 3.00 விழுக்காடு. ஆகவே வட்டி 4.35 விழுக்காடு. 2025 ஜூலை 9-ஆம் தேதி பேங்க் நெகாரா தன் கொள்கை விகிதத்தை 3.00 விழுக்காட்டிலிருந்து 2.75 விழுக்காடாகக் குறைத்தது. எஸ்.பி.ஆர். அந்த விகிதத்தோடு கூடவே நடப்பது, அதுவும் 2.75 ஆயிற்று. சகோதரியின் வங்கி ஜூலை 15 முதல் இதை அமல் செய்வதாக அறிவிப்பும் அனுப்பியிருந்தது. அப்படியானால் அன்று முதல் அவருடைய வட்டி 4.10 விழுக்காடு.

இனி, வங்கி உண்மையில் எந்த விகிதத்தில் வாங்கியது என்று பார்க்கவேண்டும். சில அறிக்கைகளில் விகிதம் அச்சிட்டிருக்கும். இல்லாவிட்டாலும் கவலையில்லை, வட்டித் தொகையிலிருந்தே விகிதத்தைக் கண்டுபிடித்துவிடலாம். வீட்டுக் கடனுக்கு வட்டி அன்றன்றுள்ள பாக்கியின் மேல் நாள் கணக்கில் ஏறுகிறது. ஆகவே மாத வட்டியை நாள் எண்ணிக்கையால் வகுத்து, 365-ஆல் பெருக்கி, பாக்கித் தொகையால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் விகிதம் வந்துவிடும்.

சகோதரி மாதத் தவணையை ஒவ்வொரு மாதமும் முதல் தேதியே கட்டிவிடுவார். ஜூலை முதல் தேதி கட்டியபின் பாக்கி 120,000 வெள்ளி. ஜூலை மாத வட்டி என்று அறிக்கையில் உள்ளது 443 வெள்ளி 34 காசு. இதை 31 நாளால் வகுத்தால் நாளுக்கு 14 வெள்ளி 30 காசு. 365-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5,220 வெள்ளி. 120,000-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 4.35. ஆக, மாதம் முழுதுக்கும் பழைய விகிதமே! ஆகஸ்டு, செப்டம்பர் வட்டியையும் இப்படியே பார்த்தார், அங்கும் 4.35-தான். ஜூலை 15-க்குப் பிறகு விகிதத்தை மாற்றவே இல்லை என்பது புலனாயிற்று.

சரியாகப் போட்டிருந்தால் எவ்வளவு? ஜூலையில் முதல் 14 நாளுக்குப் பழைய விகிதமும், மீதி 17 நாளுக்குப் புதிய விகிதமும் போட்டால் 429 வெள்ளி 37 காசு. கூடுதல் 13 வெள்ளி 97 காசு. ஆகஸ்டில் 416 வெள்ளி 92 காசு வரவேண்டிய இடத்தில் 442 வெள்ளி 39 காசு. கூடுதல் 25 வெள்ளி 47 காசு. செப்டம்பரில் 402 வெள்ளி 52 காசுக்குப் பதில் 427 வெள்ளி 20 காசு. கூடுதல் 24 வெள்ளி 68 காசு. மூன்றும் சேர்ந்து 64 வெள்ளி 12 காசு.

இது அற்பத் தொகையா? மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளால் வகுத்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளிச் சொச்சம். ஒரு நாள் முழுக்க வேலை செய்த கூலி போயிற்று. யாரும் கேளாமல் விட்டால் ஓராண்டுக்கு ஏறக்குறைய 300 வெள்ளி. கூடுதலாகப் போட்ட வட்டி பாக்கியிலேயே சேர்ந்துகொள்வதால், அதன் மேலும் வட்டி ஏறும்.

எழுதுமுன் இன்னொன்றும் சரிபாருங்கள். கூடுதல்போலத் தோன்றுவதெல்லாம் தவறல்ல. 31 நாள் மாதத்தில் வட்டி 30 நாள் மாதத்தைவிடச் சற்றுக் கூடும். தவணைப் பணம் சில நாள் தாமதமாகக் கணக்கில் ஏறியிருந்தால், அந்த நாட்களுக்குப் பெரிய பாக்கியின் மேல் வட்டி விழும். தவணைத் தொகை 700 வெள்ளியாகவே இருப்பதும் குற்றமல்ல. வட்டி குறைந்தால் அதே 700 வெள்ளியில் அசலுக்குப் போகும் பங்கு கூடும். காப்புறுதிக் கட்டணம், தாமதக் கட்டணம் என்று தனி வரிகள் இருந்தால் அவற்றை வட்டியோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள். இவையெல்லாம் பார்த்த பிறகும் கணக்கு இடித்தால்தான் எழுதவேண்டும்.

கடிதத்தில் கோபம் வேண்டாம். "ஏமாற்றிவிட்டீர்கள்" என்ற சொல்லும் வேண்டாம். ஏன் தவறியது என்று ஊகிப்பதும் நம் வேலையல்ல. ஒப்பந்தம் என்ன சொல்கிறது, அறிக்கை என்ன காட்டுகிறது, வித்தியாசம் எவ்வளவு, நமக்கு என்ன வேண்டும் - இந்த நான்கே போதும். சகோதரிக்கு நான் எழுதிக் கொடுத்தது இது. பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதச் சொல்லுங்கள்.

"கிளை நிர்வாகி அவர்களுக்கு,

பொருள்: வீட்டுக் கடன் கணக்கு எண் ..... : 2025 ஜூலை 15 முதல் கூடுதலாக விதிக்கப்பட்ட வட்டி

ஐயா,

என் கடன் கடிதத்தின் ..... பிரிவின்படி என் வட்டி எஸ்.பி.ஆர். கூட்டல் 1.35 விழுக்காடு. தங்கள் அறிவிப்பின்படி எஸ்.பி.ஆர். 2025 ஜூலை 15 முதல் 2.75 விழுக்காடு. ஆகவே அன்று முதல் என் வட்டி 4.10 விழுக்காடாக இருக்கவேண்டும்.

ஆனால் ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் 4.35 விழுக்காட்டில் வட்டி விதிக்கப்பட்டுள்ளது. என் கணக்கின்படி கூடுதல் தொகை முறையே வெள்ளி 13.97, 25.47, 24.68, ஆக மொத்தம் வெள்ளி 64.12. கணக்கின் விவரம் இணைக்கப்பட்டுள்ளது.

தயவுசெய்து (1) விகிதத்தை 4.10 விழுக்காடாகத் திருத்தவும். (2) கூடுதல் வட்டியை, அது விதிக்கப்பட்ட அந்தந்தத் தேதியிட்டே வரவு வைக்கவும். (3) திருத்திய கணக்கறிக்கையை அனுப்பவும். (4) என் கணக்கு தவறென்று கருதினால், நாள், பாக்கி, விகிதம் ஆகியவற்றைக் காட்டி எழுத்தில் பதில் தரவும்.

மாதத் தவணையை நான் வழக்கம்போல் கட்டி வருகிறேன்.

இப்படிக்கு, ....."

இரண்டாவது கோரிக்கையைக் கவனியுங்கள். பணத்தை இன்றைய தேதியில் வரவு வைத்தால், இடைப்பட்ட மாதங்களில் கூடுதல் வட்டியின் மேல் ஏறிய வட்டி திரும்பாது. பழைய தேதியிட்டு வரவு வைத்தால்தான் கணக்கு முழுதும் நேராகும். கடைசி வரியும் முக்கியமானது. வழக்கு நடக்கிறதே என்று தவணையை நிறுத்திவிடாதீர்கள், 64 வெள்ளிக்காக நிறுத்தினால் தாமதக் கட்டணம் ஏறும், பேங்க் நெகாராவின் "சி.சி.ஆர்.ஐ.எஸ்." பதிவிலும் பாக்கி என்று விழும். பின்னர் மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கக் கடன் கேட்கப் போனாலும் அது குறுக்கே நிற்கும்.

கடன் கடிதம், வங்கி அறிவிப்பு, மூன்று மாத அறிக்கை ஆகியவற்றின் நகல்களை மட்டும் இணையுங்கள். அசல்கள் வீட்டிலேயே இருக்கட்டும். கடிதத்தை நேரில் கொடுத்தால், இன்னொரு பிரதியில் வங்கியின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையேல் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்தத் தேதி பின்னால் தேவைப்படும்.

வங்கி கையை விரித்தால் அடுத்த படி ஒன்று உண்டு. 2025 ஜனவரி 1 முதல் "நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவை" என்ற அமைப்பு இயங்கி வருகிறது. வங்கி வாடிக்கையாளரின் முறையீட்டை அது கட்டணமின்றி விசாரிக்கும். ஆனால் முதலில் வங்கியிடம் எழுத்தில் முறையிட்டிருக்கவேண்டும். வங்கியின் முடிவான பதில் வந்தபின் ஆறு மாதத்துக்குள், அல்லது 60 நாளாகியும் பதிலே வராவிட்டால், அங்கே போகலாம். ஒன்று மனத்தில் இருக்கட்டும்: வங்கி பொதுவாக எவ்வளவு வட்டி வாங்கலாம் என்பதை அங்கே வழக்காட முடியாது. ஒப்புக்கொண்ட விகிதத்தை மீறி உங்கள் கணக்கில் வாங்கியது என்றால்தான் அது விசாரணைக்குரிய விஷயம். அதனால்தான் கடிதத்தில் "வட்டி அதிகம்" என்று எழுதாமல், "ஒப்பந்தப்படி 4.10, வாங்கியது 4.35" என்று எழுதினோம்.

கணக்கறிக்கை வந்தால் மடித்து அலமாரியில் வைத்துவிடாமல், வட்டி வரியை மட்டுமாவது அன்றிரவே ஒருமுறை வகுத்துப் பாருங்கள். விகிதம் மாறியதாகச் செய்தி வரும் மாதத்திலும் அதற்கடுத்த மாதத்திலும் கட்டாயம் பாருங்கள். இவ்விதத் தவறு நேர்வதும் அப்போதுதான், சுலபமாகத் திருத்த முடிவதும் அப்போதுதான்.