பில் அதே பில்... அக்கவுன்ட் நம்பர் மட்டும் வேற! பி.டி.எஃப் பில் ஒரிஜினல்தானா எனக் கண்டுபிடிப்பது எப்படி?

கோவையில் வெட் கிரைண்டர் விற்கும் ஒரு கடையிலிருந்து வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் சமீபத்தில் ஒரு மெயில் போயிருக்கிறது. ஆஃபர், தள்ளுபடி எதுவும் அதில் இல்லை. 'எங்கள் பெயரில் வரும் பில் எங்களுடையதுதானா என்று பணம் அனுப்பும் முன் பாருங்கள்' என்று ஆரம்பிக்கிறது அந்த மெயில்.

காரணம், மதுரை வாடிக்கையாளர் ஒருவருக்கு நேர்ந்தது. கல்யாண வீட்டில் அன்பளிப்பாகக் கொடுக்க 12 டேபிள் டாப் கிரைண்டர்களை அவர் ஆர்டர் செய்திருந்தார். ஒன்று 4,900 ரூபாய் வீதம் மொத்தம் 58,800 ரூபாய். கடையிலிருந்து பில் போன மறுநாள், அதே பில் மறுபடியும் அவருக்கு வந்தது. கடையின் லோகோ, பில் நம்பர், ஜி.எஸ்.டி எண், தொகை என எல்லாம் அச்சு அசலாக அப்படியே இருந்தன. அடியில் இருந்த வங்கிக் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி கோடும் மட்டும் வேறு. 'பழைய கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, புதிய கணக்குக்கு அனுப்பவும்' என்று ஒரு வரியும் இருந்தது. சந்தேகப்பட்டு அவர் கடைக்கு போன் செய்ததால் பணம் தப்பியது.

இரண்டாவது மெயில் வந்த முகவரியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். இந்த மோசடியில் வழக்கமாக நடப்பது இதுதான். விற்பவர், வாங்குபவர் இருவரில் ஒருவருடைய மெயிலின் பாஸ்வேர்டு யார் கையிலாவது சிக்கிவிடும். அவர் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் படித்துக்கொண்டே இருப்பார். பில் போகும் நேரம் பார்த்து, அதைத் திருத்தி அனுப்பிவிடுவார். பி.டி.எஃப் என்றால் மாற்ற முடியாது என்று நாம் நினைப்பதுதான் அவருக்கு வசதி. உண்மையில் ஒரு எடிட்டர் இருந்தால் கணக்கு எண்ணை மாற்ற சில நிமிடங்கள் போதும்.

கையெழுத்தை எங்கே பார்ப்பது?

இனி எல்லா பில்களும் டிஜிட்டல் கையொப்பத்தோடுதான் வரும் என்கிறார் கடைக்காரர். இது ஸ்கேன் செய்து ஒட்டிய கையெழுத்துப் படம் இல்லை. அரசு உரிமம் பெற்ற நிறுவனம் தரும் டிஜிட்டல் சான்றிதழை யு.எஸ்.பி டோக்கனில் வைத்துப் போடுவது. ஃபைல் முழுவதையும் கணக்கிட்டு எடுத்த ஒரு முத்திரை அதனுள்ளேயே பூட்டி வைக்கப்படும். பிறகு ஒரு இலக்கத்தை மாற்றினாலும் கணக்கு இடிக்கும்.

இதைக் கம்ப்யூட்டரில் பார்ப்பதுதான் நல்லது. போனில் பி.டி.எஃப் திறக்கும் பல ஆப்களும் மெயிலுக்குள் தெரியும் ப்ரிவியூவும் கையொப்பத்தைச் சோதிப்பதே இல்லை. பில்லை டவுன்லோடு செய்து, இலவசமாகக் கிடைக்கும் அடோபி அக்ரோபேட் ரீடரில் திறந்து, `Signature Panel` என்பதை அழுத்த வேண்டும். மூன்றில் ஒரு பதில் வரும்.

`Signed and all signatures are valid` என்று வந்தால், கையொப்பம் போட்ட பிறகு ஃபைல் மாறவில்லை. போட்டவரின் சான்றிதழையும் ரீடர் நம்புகிறது.

`Document has been altered or corrupted since it was signed` என்று வந்தால் அந்தப் பில்லை அங்கேயே நிறுத்திவிடுங்கள். யாரோ கை வைத்திருக்கிறார்கள், அல்லது ஃபைல் பழுதாகியிருக்கிறது. எதுவானாலும் அதை வைத்துப் பணம் அனுப்பக் கூடாது.

பலரையும் குழப்புவது மூன்றாவது பதில். மஞ்சள் கேள்விக்குறியோடு, கையொப்பமிட்டவரின் அடையாளம் தெரியவில்லை என்று வரும். இது போலி என்று அர்த்தமில்லை. சான்றிதழ் கொடுத்த நிறுவனம் உங்கள் ரீடரின் நம்பிக்கைப் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். டவுன்லோடு செய்த இ-ஆதாரிலும் இதே கேள்விக்குறியைப் பலர் பார்த்திருப்பார்கள். அப்போது பேனலில் `Document has not been modified since this signature was applied` என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஃபைல் மாறவில்லை. ஆனால், போட்டவர் யார் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. `Signature Properties` போய், `Show Signer's Certificate` அழுத்தினால், யார் பெயரில் சான்றிதழ், கொடுத்தது யார் என்பது தெரியும். அந்தப் பெயர்களைக் கடைக்காரரிடம் போனில் கேட்டு ஒப்பிட வேண்டும். மோசடிக்காரரும் தானே ஒரு சான்றிதழ் தயாரித்துக் கையொப்பம் போட முடியும் என்பதால் இந்தப் படியைத் தாண்டக் கூடாது.

பச்சை டிக்கை நம்பாதீங்க!

பில்லின் பக்கத்திலேயே பச்சை டிக்கும் 'Signature valid' என்ற எழுத்தும் இருக்கலாம். அதை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். ரீடரின் பேனல் சொல்வதுதான் பதில். பக்கத்தில் டிக் இருந்து, பேனலில் கையொப்பமே இல்லை என்றால் அது வெறும் படம்.

ஆனால், நல்ல பில்லிலும் இப்படி ஆகலாம். 'பிரின்ட்' கொடுத்து மறுபடி பி.டி.எஃப் ஆகச் சேமித்தாலோ, ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலோ கையொப்பம் போய்விடும், படம் மட்டும் மிஞ்சும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் ஃபைல் மாறாது. அதனால் வந்த ஃபைலை அப்படியே வைத்திருங்கள் என்கிறது மெயில்.

கையொப்பம் இல்லாத பில் என்றால்?

எல்லாச் சிறிய கடைகளும் டோக்கன் வாங்கியிருக்காது. மின்னணு முறையில் கொடுக்கும் பில்லுக்குக் கையொப்பம் கட்டாயம் இல்லை என்றே ஜி.எஸ்.டி விதி சொல்கிறது. எனவே, கையொப்பம் இல்லை என்பதற்காக ஒரு பில் போலி ஆகிவிடாது. பெரிய தொகை என்றால் வேறு வழி இருக்கிறது. ஃபைலின் கைரேகை மாதிரியான ஓர் எண்ணை எடுத்து ஒப்பிடலாம். விண்டோஸில் ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து இதை டைப் செய்தால் போதும்:

```
certutil -hashfile bill.pdf SHA256
```

64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி வரும். கடையிலும் அனுப்பிய ஃபைலுக்கு இதையே செய்யச் சொல்லி, போனில் முதல் எட்டும் கடைசி எட்டும் படிக்கச் சொல்லுங்கள். இரண்டும் பொருந்தினால் அதே ஃபைல்தான். பொருந்தாவிட்டால் எங்கோ மாறியிருக்கிறது. இந்த எண் பில் வந்த அதே மெயிலில் எழுதியிருந்தால் அதை வைத்து ஒப்பிடாதீர்கள். பில்லை மாற்றத் தெரிந்தவருக்கு அந்த எண்ணை மாற்றவும் தெரியும்.

போன் எந்த நம்பருக்கு?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பில்லில் இருக்கும் நம்பருக்கே போன் போட்டால், எடுப்பவர் மோசடிக்காரராகவே இருக்கலாம். முன்பே உங்கள் போனில் இருக்கும் நம்பர், கடைக்கு நேரில் போனபோது வாங்கிய கார்டு, பழைய பில் இவற்றில் உள்ள நம்பருக்கு அழையுங்கள். நெட் பேங்கிங்கில் புதிய கணக்கைச் சேர்க்கும்போது, கணக்கு உண்மையில் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கும் வசதியை வங்கிகள் தருகின்றன. கடையின் பெயருக்குப் பதில் முன்பின் தெரியாத ஒருவரின் பெயர் வந்தால், பேனல் என்ன சொன்னாலும் பணத்தை அனுப்ப வேண்டாம்.

பில் மாறவில்லை என்பதற்கு மட்டும்தான் கையொப்பம் சாட்சி. சரக்கு நல்லதா, சொன்னபடி வருமா என்பதை அது சொல்லாது. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் அதை முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

கடைக்காரரின் மெயில் இப்படி முடிகிறது: 'எங்கள் வங்கிக் கணக்கை மாற்றினால் மெயிலில் சொல்ல மாட்டோம். நாங்களே போன் செய்து சொல்வோம். நீங்களும் திருப்பி அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகப்படுகிறீர்களே என்று கோபித்துக்கொள்ள மாட்டோம்!'