டேக் பண்ணினா தூதரகம் வந்துடாது!

துபாய்ல மாட்டிக்கிட்ட ஒரு அண்ணன் அழுதுக்கிட்டே பேசுற வீடியோ வருது. நாமளும் வெளியுறவு அமைச்சரை டேக் பண்ணி, கோபமா நாலு வரி எழுதி, ஷேர் பண்ணிட்டுத் தூங்கிடுறோம். அவரோட பாஸ்போர்ட் எண் என்ன? எந்த கம்பெனி? எந்த லேபர் கேம்ப்? அங்க இருக்கற நம்ம துணைத் தூதரகத்துக்கே தெரியாது. ஏன் தெரியலைன்னு கேளுங்க உறவுகளே.

பத்தாவது பாஸ் பண்ணாதவங்க பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈ.சி.ஆர். வகை. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகணும்னா இ-மைக்ரேட் தளம் வழியா குடியகல்வு அனுமதி வாங்கணும். அப்போ முதலாளி பேரும் சம்பளமும் அரசு பதிவுல ஏறும். கூடவே 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் கட்டாயம். ஏஜென்ட் என்ன பண்றான்? "விசிட் விசால போ தம்பி, அங்க போய் மாத்திக்கலாம்"ங்கறான். அந்த ஒரு வார்த்தைல பதிவும் போச்சு, காப்பீடும் போச்சு. தூதரகத்துல தனியா பதிவு பண்றதையோ உங்க இஷ்டம்னு விட்டுட்டாங்க. ஏர்போர்ட்ல ஒருத்தர் கூட அதைச் சொல்றதில்லை. இதுதான் நம்ம கோபம்.

இப்போ அந்த அண்ணன் கதையைப் பாருங்க. பாஸ்போர்ட் முதலாளி கையில. விசா முடிஞ்சு 100 நாள். ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம்னா 5,000 திர்ஹாம். ஊருக்கு வர எமர்ஜென்சி சர்டிபிகேட் வேணும், நம்மாளுங்க அவுட்பாஸ்னு சொல்வாங்களே, அதுதான். பாஸ்போர்ட் நகல் இருந்தா வேலை சீக்கிரம் நடக்கும். இல்லைன்னா இவர் இந்தியர்தானான்னு சொந்த ஊர் வரைக்கும் விசாரிச்சுட்டுத்தான் தருவாங்க. அதுவரைக்கும் அபராதம் ஏறிக்கிட்டே இருக்கும். அவுட்பாஸ் கைக்கு வந்தாலும் அபராதம் தானா தீராது, அது அந்த நாட்டுக் கணக்கு.

இங்கதான் யாரும் சொல்லாத விஷயம் இருக்கு. 2009ல இருந்து இந்திய சமூக நல நிதின்னு ஒன்னு நம்ம தூதரகங்கள்ல இருக்கு. தங்க இடம், சாப்பாடு, விமான டிக்கெட், அவசர சிகிச்சை, சின்ன அபராதம், இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்புற செலவு, எல்லாத்துக்கும் அதுல வழி இருக்கு. வசதி இல்லாதவரான்னு பார்த்துத்தான் தருவாங்க. வாங்குன கடனை அடைக்க மாட்டாங்க. ஆனா அது யாரோ போடுற பிச்சை இல்லை. வெளிநாட்டுல பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது ரசீதுல நல நிதின்னு தனியா பிடிக்கறாங்களே, அந்தக் காசுதான். நம்மாளுங்க காசு!

அதனால வெளிநாட்டுல இருக்கற உங்க அண்ணன் தம்பிக்கு இன்னைக்கே போன் போடுங்க. அந்த நாட்டுத் தூதரக இணையதளத்துல பதிவு பண்ணச் சொல்லுங்க. பாஸ்போர்ட், விசா நகலை வாட்ஸ்அப்ல வாங்கி வீட்டுல வெச்சுக்கங்க. பிரச்சினைன்னா madad.gov.in தளத்துல ஊர்ல இருந்து குடும்பமே புகார் கொடுக்கலாம், புகார் எண்ணும் கிடைக்கும். அமீரகத்துல இருக்கறவங்க கட்டணமில்லா எண் 80046342க்குக் கூப்பிடலாம். அடுத்த தடவை டேக் பண்ணும்போது அந்தப் புகார் எண்ணையும் சேர்த்துப் போடுங்க. அப்போ "எங்களுக்குத் தகவலே வரலை"ன்னு எவரும் தப்பிக்க முடியாது.