ரன்னர்ல இருக்கிறது யாரோட பேரு?

கேன்டீனுக்கு ஒருத்தன் புதுப் பை மாட்டிக்கிட்டு வந்தா என்ன நடக்கும்னு நமக்கெல்லாம் தெரியும். பக்கத்துல இருக்கிறவன் ஜிப் ரன்னரைத் திருப்பிப் பார்ப்பான். "ஒய்.கே.கே. போட்டிருக்கு மச்சி, ஒரிஜினல்தான்"னு சொல்லுவான். அதோட கேஸ் முடிஞ்சது.

இந்தத் தீர்ப்பு தப்பு. நானும் அதை நம்பி 900 ரூபாய் கொடுத்தவன்தான். பாரிமுனைப் பக்கம் ஒரு பிளாட்பாரக் கடையில, பிரபலமான ஒரு வெளிநாட்டு பிராண்ட் பேரு போட்ட பை. "ஃபர்ஸ்ட் காப்பி இல்ல தம்பி, எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்"னு கடைக்காரர் சொன்னார். நான் ரன்னரைப் பார்த்தேன், மூணு எழுத்தும் இருந்துச்சு, வாங்கிட்டேன். நாலு மாசம் கழிச்சு விம்கோ நகர் மெட்ரோ ஸ்டேஷன்ல ஸ்கேனர்ல இருந்து பையை எடுக்கிறேன், மூடின ஜிப் நடுவுல பிளந்து லேப்டாப் பாதி வெளிய தொங்குது. தரையில விழாதது என் நல்ல நேரம்.

திருவொற்றியூர்ல பை ரிப்பேர் பண்ற ஒரு அண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ள நூறு ரன்னராவது இருக்கும், பாதிக்கு மேல ஒய்.கே.கே. எழுத்தோட. "எது வேணும் தம்பி? எழுத்து போட்டதா, போடாததா? ரெண்டும் சில ரூபாய்தான்"னு கேட்டார். எனக்கு அங்கதான் விஷயம் புரிஞ்சது. ஒய்.கே.கே. பை கம்பெனி இல்லை. 1934-ல ஜப்பான்ல ததாவோ யோஷிதா ஆரம்பிச்ச ஜிப் கம்பெனி. அவங்க நிஜமாவே செஞ்ச ரன்னரா இருந்தாலும், அது அந்த ஜிப்பைப் பத்திதான் சாட்சி சொல்லும், பையைப் பத்தி இல்லை. ஒரிஜினல் ஜிப்பை வாங்கி டூப்ளிகேட் பையில தைக்க யாருக்கும் தடை இல்லை. அதே மாதிரி, நல்ல பிராண்டுகள் பல வேற கம்பெனி ஜிப் போடுறாங்க, சில பேர் இழுக்கிற பட்டையில தங்க பேரையே போட்டுக்கிறாங்க. அதனால எழுத்து இல்லைங்கிறதும் போலிக்கு ஆதாரம் ஆகாது.

சரி, அப்போ எதைப் பார்க்கிறது? எங்க சீனியர் ஒருத்தர்கிட்ட அதே மாடல் பை இருந்துச்சு, பில்லோட பிராண்டோட சொந்த ஷோரூம்ல வாங்கினது. ரெண்டையும் மெட்ராலஜி லேப்ல பக்கத்துல பக்கத்துல வெச்சோம். முதல்ல வெர்னியர் எடுத்து ரன்னர் அகலத்தை அளந்தோம். பந்தாவா ஆரம்பிச்சது, ஒண்ணும் கிடைக்கலை. காரணம் இருக்கு. ஒரிஜினல் ரன்னரையே மாதிரியா வெச்சு அச்சு எடுத்து அதுல துத்தநாகக் கலவையை வார்த்தா, ஆறும்போது சுமார் 0.6 சதவீதம் சுருங்கும். 10 மி.மீ. ரன்னர்ல அது 0.06 மி.மீ. முலாம் பூச்சுலயே அந்த வித்தியாசம் மறைஞ்சு போயிடும்.

ஆனா பூதக்கண்ணாடி பேசுச்சு. சீனியர் பையில எழுத்தோட ஓரங்கள் செங்குத்தா, அடிப்பாகம் தட்டையா இருந்துச்சு. என் பையில ஓரம் உருண்டு, நடு எழுத்தோட இடுக்குல முலாம் தேங்கி நிரம்பியிருந்துச்சு. நகலெடுத்த அச்சுல முதல்ல சாகிறது கூர்மைதான், அளவு இல்லை. இன்னொண்ணு, ரன்னரைப் புரட்டி அடிப்பக்கம் பாருங்க. அங்க பெரும்பாலும் ஒரு எண் இருக்கும், 5, 8, 10 மாதிரி. மூடின பல் வரிசையோட அகலம் தோராயமா அத்தனை மி.மீ. சீனியர் பையில பெரிய அறைக்கு 8, முன் பாக்கெட்டுக்கு 5, எல்லாத்துலயும் எழுத்து. என்னுதுல கண்ணுக்குத் தெரியிற ரெண்டு பெரிய ரன்னர்ல மட்டும் எழுத்து, அடியில எண்ணே இல்லை, முன் பாக்கெட் ரன்னர் மொட்டை. பார்க்கிற இடத்துல மட்டும் பேரு வெச்சிருக்காங்க!

ஜிப் ஏன் பிளந்ததுன்னும் அந்த அண்ணன் காட்டினார். ரன்னரோட ரெண்டு பக்கச் சுவரும்தான் பல்லை அழுத்திக் கோர்க்கும். உலோகம் மெலிசா இருந்தா அந்தச் சுவர் கொஞ்சம் கொஞ்சமா விரியும், அப்புறம் ரன்னர் ஓடும் ஆனா பின்னாடி ஜிப் திறந்தே கிடக்கும். குறடால லேசா அழுத்தினா கொஞ்ச நாள் ஓடும். எழுத்து அதைத் தடுக்காது.

பிரஸ் பட்டன் கதை சின்னது. மேல் தொப்பியில பேரு ரெண்டு பையிலயும் இருந்துச்சு. காந்தம் வெச்சோம், என் பட்டன் பச்சுனு ஒட்டிக்கிச்சு, அவரோடது ஒட்டலை. அவரோடது பித்தளை, என்னுது இரும்பு மேல முலாம். எண்ணூர் காத்துல உப்பு எவ்வளவுன்னு நம்ம வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும். ஒரு மழைக்காலத்துல என் பட்டனைச் சுத்தித் துணியில பழுப்புக் கறை வந்துடுச்சு. ஆனா காந்தத்தை மட்டும் நம்பாதீங்க. நல்ல பட்டன் சிலதுலயும் உள்ள இருக்கிற சின்ன ஸ்பிரிங் எஃகு, அது ஒட்டத்தான் செய்யும்.

என் கணக்குல அதிகம் பேசுறது உள் லைனிங்ல தைச்சிருக்கிற லேபிள். அதைத்தான் யாரும் பார்க்கிறதே இல்லை. என் பையில லேபிள் இருந்துச்சு, மாடல் எண் இருந்துச்சு, "வியட்நாம் தயாரிப்பு"ன்னும் இருந்துச்சு. ஸ்பெல்லிங் கூட சரி. அதே கடையில என் ஃபிரெண்ட் ஒரு சின்ன பை வாங்கியிருந்தான். அவன் லேபிளைத் திருப்பினா அதே மாடல் எண்! ஒரே மாடல் பைகள்ல மாடல் எண் ஒண்ணா இருக்கிறது நியாயம். 30 லிட்டர் பையிலயும் இடுப்புப் பையிலயும் ஒரே எண் வந்தா, லேபிளை ரோல் ரோலா அச்சடிச்சு கையில கிடைச்ச பைக்கெல்லாம் தைச்சிருக்காங்கன்னு அர்த்தம். லேபிள்ல கியூஆர் இருந்தாலும் இதே பிரச்சினைதான். ஒரு ஒரிஜினல் கியூஆரை ஆயிரம் தடவை அச்சடிச்சா ஆயிரமும் சரியான பக்கத்தைத்தான் திறக்கும்.

அடுத்து, அந்த வியட்நாம் லேபிளை நம்ம ஊர் சட்டத்தோட சேர்த்துப் படிங்க. 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள்படி, வெளிநாட்டுல செஞ்ச பையைப் பேக் பண்ணி இங்க விற்கணும்னா இறக்குமதியாளர் பேரும் முகவரியும், எம்.ஆர்.பி., மாசம், வருஷம், புகார் சொல்ல வேண்டிய தொடர்பு எல்லாம் ஒட்டியிருக்கணும். சீனியர் பையோட அட்டையில இது எல்லாம் இருந்துச்சு. என்னுதுல வியட்நாம் இருக்கு, அங்கிருந்து கொண்டுவந்தவர் இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்துல வளர்ந்த எனக்கு இது முதல்லயே தோணியிருக்கணும். பையோ கன்டெய்னரோ, எதுவா இருந்தாலும் யாரோ ஒருத்தர் பேர்லதானே இறங்கும்?

"900 ரூபாய்க்கு இவ்வளவு ஆராய்ச்சியாடா"ன்னு கேட்பீங்க. என் கோபம் விலை மேல இல்லை, அந்த விலை எதுக்குப் போச்சுங்கிறது மேல. அதே ரிப்பேர்க் கடையில பேரு இல்லாத, உள்ளூர்ல தைச்ச பை ஒண்ணு 650-க்குத் தொங்குது. ரன்னர் கனமா இருக்கு, தோள்பட்டை தையல்ல குறுக்குத் தையல் போட்டிருக்கு. நான் 250 ரூபாய் அதிகம் கொடுத்தது ரெண்டு கம்பெனிகளோட திருட்டுப் பேருக்கு, பை பிராண்டுக்கு ஒண்ணு, ஜிப்புக்கு ஒண்ணு. 1999 வர்த்தகக் குறியீட்டுச் சட்டம், பிரிவு 103-படி பொய்யா குறி போடுறதுக்கு 6 மாசத்துல இருந்து 3 வருஷம் வரை சிறை. ஆனா அது போட்டவருக்கு, வாங்கின எனக்கு இல்லை. எனக்குக் கிடைச்சது தொங்கின லேப்டாப்தான்.

பையைத் தூக்கிப் போடலை. அண்ணன் எழுத்து இல்லாத கனமான ரன்னர் ஒண்ணு மாட்டிக் கொடுத்தார், கூலியோட 60 ரூபாய். போன வாரம் கேன்டீன்ல ஒரு ஜூனியர் அதைத் திருப்பிப் பார்த்துட்டு, "அண்ணா, இது டூப்ளிகேட்டா?"ன்னு கேட்டான். பையைத் திறந்து லைனிங் லேபிளை அவன் கையில கொடுத்தேன்.