எழுபத்திரண்டு மணி நேரம் எப்போது தொடங்கியது?

2025 அக்டோபரில் கோல்ட்ரிஃப் சிரப்பின் SR-13 பேட்ச் தொடர்பான எச்சரிக்கை நமக்கு வந்த நாட்கள் ஆயுத பூஜையும் விஜயதசமியும். ஷட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தோம். அனுமதி 0.1 சதவீதம் என்றிருக்க, தமிழக அரசின் ஆய்வில் அந்த பேட்சில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால் இருந்தது. வகுப்பு ஒன்று என்று யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை. பிறகு வந்த விசாரணைகளில் ஸ்டாக்கிஸ்டுகளிடம் அதிகாரிகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள்?" ஆகவே இந்த இதழில் அறிவிப்பை வாசிக்கும் முறையைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் பேட்ச். அறிவிப்பில் SR-13 என்று இருக்கும். நம் பில்லிங் மென்பொருளில் ஒரு பையன் SR13 என்றும், இன்னொருவன் இடைவெளி விட்டு SR 13 என்றும் ஏற்றியிருப்பான். அப்படியே தட்டித் தேடினால் இருப்பு பூஜ்யம் என்று திரை காட்டும். நாமும் நிம்மதியாகப் பதில் எழுதிவிடுவோம். அதே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் எச்சரிக்கையில் இடம்பெற்ற ரெஸ்பிஃப்ரெஷ் டி.ஆர். பேட்ச் R01GL2523. அதில் R-க்கு அடுத்தது பூஜ்யமா, O என்ற எழுத்தா? போட்டோவுக்குப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் வரும் தாளில் கண்டுபிடிக்க முடியாது. எனவே பேட்சை வைத்துத் தேடாமல், பொருளின் பெயரை வைத்து எல்லா பேட்ச்களையும் இறக்கி, தயாரிப்புத் தேதியையும் காலாவதியையும் ஒத்துப் பாருங்கள். அதன்பின் அலமாரிக்குப் போய் அட்டைப்பெட்டியை மட்டுமல்ல, பாட்டில் லேபிளையும் படியுங்கள்.

அடுத்தது கணக்கு. 480 பாட்டில் வாங்கினீர்கள், பத்துக்கு ஒன்று ஸ்கீமில் 48 இலவசம் என்று வைத்துக்கொள்வோம். ஒப்படைக்க வேண்டிய கணக்கு 528-க்கு. கொள்முதல் தொகையைப் பார்த்து எழுதுபவர் 480 என்றுதான் எழுதுவார். அலமாரியில் 96, கடைகளுக்குப் போனது 402. மீதி 30 எங்கே? 18 பாட்டில் எக்ஸ்பயரி ரிட்டர்ன் பெட்டியில் மற்ற சரக்கோடு கலந்து கிடக்கும். 12 பக்கத்து ஸ்டாக்கிஸ்டுக்குக் கைமாற்றாகப் போயிருக்கும், பில் இல்லாமல். விதி 65-இன்படி மொத்த விற்பனை பில்லில் பேட்ச் எண் இருக்க வேண்டும், நகலை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். கைமாற்றும் நமக்குத் தெரியும். அந்த 12 பாட்டிலும் எந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போனது என்று சொல்ல முடியாமல் போவது அங்கேதான்.

கிடைத்ததைத் தனியே பூட்டி, "விற்பனைக்கு அல்ல" என்று ஒட்டி வையுங்கள். அவசரப்பட்டு அழித்துவிட வேண்டாம்; ஆய்வாளர் மாதிரி எடுக்க வரலாம்.

இனி கெடு. நான் பல ஆண்டுகளாகப் புலம்பி வருவது இதைப் பற்றித்தான். மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது. வகுப்பு ஒன்று என்றால் விற்பனை நிறுத்தம் 24 மணி நேரத்துக்குள், சரக்கு முழுவதும் திரும்புவது 72 மணி நேரத்துக்குள், அதுவும் நுகர்வோர் வரை. வகுப்பு இரண்டுக்குப் பத்து நாள், மூன்றுக்கு முப்பது நாள். ஆனால் நம் கைக்கு வரும் தாளில் வகுப்பு எங்கே? மணி எங்கே? மாதந்தோறும் வெளியாகும் தரமற்ற மருந்துப் பட்டியலில் பெயர், பேட்ச், தயாரிப்பாளர், தோல்விக்கான காரணம் எல்லாம் உண்டு. நிறுத்துவதா, திருப்புவதா, யாருக்கு, எதற்குள் என்பது மட்டும் இல்லை. அந்தப் பட்டியல் திரும்பப் பெறும் அறிவிப்பே அல்ல. அறிவிப்பைத் தயாரிப்பாளர் அனுப்ப வேண்டும். அவர் சி அண்ட் எஃப்-க்கு அனுப்புவார், அங்கிருந்து ஒரு பிரதிநிதி தன் குழுவில் போடுவார், நமக்கு வரும்போது கடிதத்தின் தேதிக்கு நான்கு நாள் வயதாகியிருக்கும். எழுபத்திரண்டு மணி நேரம் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது! தாமதித்தவர்களை விட்டுவிட்டு, கடைசியாகத் தாளைப் பெற்றவனிடம் விளக்கம் கேட்பது என்ன நியாயம்? உரிமம் வழங்கும்போது நம் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளும் துறைக்கு, ஒரு பேட்ச் எண்ணை நேரடியாக அனுப்ப ஏன் கை வரவில்லை?

அது வரும்வரை நம்மால் முடிந்தது இவ்வளவுதான். தாள் எந்த வழியில் வந்தாலும் அச்செடுத்து, வந்த தேதியையும் மணியையும் மேலே எழுதிக் கையெழுத்திடுங்கள். வகுப்பு குறிப்பிடாத தாளை வகுப்பு ஒன்றாகவே எடுத்துக்கொண்டு அந்த நொடியே பில்லிங்கில் பொருளை முடக்குங்கள். "வகுப்பு எது, கெடு எந்த மணியிலிருந்து?" என்று தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, நகலை மாவட்ட உதவி இயக்குநருக்கும் போடுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இதுவரை நான் ஒன்றும் பார்த்ததில்லை.