எட்டால் வகுத்த பிறகு

டிரான்ஸ்ஃபார்மர் தெரியும் என்று சொல்லிவிட்டு நேர்காணலுக்குள் நுழைபவரிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி: அட்டென்ஷனில் குவெரியையும் கீயையும் பெருக்கிக் கூட்டிய பிறகு எதற்காக √d_k-ஆல் வகுக்கிறோம்? பதிலும் மனப்பாடமாக வரும். "வகுக்காவிட்டால் எண் பெரிதாகும், சாஃப்ட்மேக்ஸ் ஒரே பக்கம் சாய்ந்துவிடும், கிரேடியன்ட் மறைந்துவிடும்." சரியான பதில்தான். அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவுகிறோமே, அதுதான் என் குறை. இந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு உள்ளே போனால், பேக்ப்ராபகேஷனுக்கும் பயிற்சி நிலைகுலைவுக்கும் தனிக் கேள்விகளே தேவைப்படாது.

முதலில் பலகையில் எண் போட்டுக் காட்டச் சொல்லலாம். 2017-ஆம் ஆண்டின் மூல ஆய்வுக் கட்டுரையில் d_k = 64. குவெரி, கீ இரண்டின் உறுப்புகளும் ஒன்றையொன்று சாராதவை, சராசரி 0, மாறுபாடு 1 என்று கொண்டால், 64 பெருக்கங்களின் கூட்டுத்தொகைக்கு மாறுபாடு 64, திட்டவிலக்கம் 8. ஆகவே இரண்டு கீகளின் லாஜிட்டுகள் 8, 0 என்று அமைவது அதிசயமல்ல. சாஃப்ட்மேக்ஸ் முதலாவதற்கு 0.9997 தரும். பின்னோக்கி வரும் கிரேடியன்ட் p(1−p)-ஆல் பெருக்கப்படுகிறது. அதன் மதிப்பு இங்கே சுமார் 0.00034. எட்டால் வகுத்திருந்தால் லாஜிட்டுகள் 1, 0; p = 0.731; p(1−p) = 0.197. ஏறக்குறைய 590 மடங்கு வித்தியாசம் என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் சங்கிலி விதிப்படி அந்த 1/8 பின்னோக்கி வரும் வழியிலும் ஒருமுறை பெருக்கும். குவெரியைச் சென்றடையும்போது உண்மையான ஆதாயம் 73 மடங்குதான். அந்த எட்டைத் தானாகவே கணக்கில் சேர்ப்பவர் பேக்ப்ராபகேஷனைக் கையால் போட்டுப் பார்த்தவர்.

அடுத்து கேட்க வேண்டியது: மாறுபாடு 1 என்ற அனுமானம் எதுவரை செல்லும்? எடைகளைத் தொடங்கிவைக்கும் கணம் வரைதான். அதன்பின் W_Q, W_K இரண்டும் கற்றுக்கொண்டே வளர்கின்றன. இரண்டும் இருமடங்கானால் லாஜிட் நான்கு மடங்காகும். வகுக்கும் எண்ணோ அதே 8. கூகுள் 2023-இல் வெளியிட்ட ViT-22B கட்டுரை இதற்கு நல்ல சான்று. மாதிரியைப் பெரிதாக்கிக்கொண்டே போனபோது, சுமார் 800 கோடி அளவுருக்களில், சில ஆயிரம் படிகளுக்குப் பிறகு பயிற்சி லாஸ் தறிகெட்டு ஏறியது. அட்டென்ஷன் லாஜிட்டுகள் அளவுமீறிப் பெருத்து, ஒவ்வொரு குவெரியும் ஏறத்தாழ ஒரே ஒரு கீயை மட்டும் பார்க்கும் நிலை வந்ததுதான் காரணம். √d_k அங்கேயும் இருந்தது.

இங்கே ஒரு முரண் எட்டிப்பார்க்கும். கூர்மையானவர் அதைத் தானே எழுப்புவார்: கிரேடியன்ட் மறைந்தால் பயிற்சி அப்படியே உறைந்து நிற்க வேண்டும், லாஸ் ஏன் வெடிக்கிறது? மறைவது சாஃப்ட்மேக்ஸ் வழியாகக் குவெரிக்கும் கீக்கும் போகும் பாதையில் மட்டும். வேல்யூ வழியாகப் போகும் பாதை திறந்தே இருக்கிறது. ரெசிடுவல் இணைப்பும் அப்படியே. அதனால் கீழடுக்குகள் மாறிக்கொண்டே இருக்கும். அட்டென்ஷனுக்குள் வரும் உள்ளீடும் மாறும். லாஜிட் 100 அளவில் இருக்கும்போது குவெரியும் கீயும் ஆளுக்கு 1 சதவீதம் நீண்டால் லாஜிட் 2 கூடும். e² என்பது ஏழு மடங்குக்கும் மேல். லாஜிட் 1 அளவில் இருந்தால் அதே மாற்றம் 0.02-தான். முதல் நிலையில், சின்ன அசைவிலேயே பார்வை ஒரு டோக்கனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அடுக்கின் வெளியீடு துள்ளும். லாஸ் வளைவில் திடீர் முகடு எழும். bf16-இல் கணக்கிட்டால் இன்னும் மோசம்: 256-க்கும் 512-க்கும் இடையில் அதனால் இரண்டிரண்டாகத்தான் எண்ண முடியும்.

லாஸ் வளைவை மட்டும் பார்த்திருப்பவருக்கு இது தாமதமாகவே தெரியவரும். ஒவ்வொரு அடுக்கிலும் மிகப்பெரிய லாஜிட்டையும் அட்டென்ஷனின் என்ட்ரோபியையும் பதிவு செய்துவந்தால், முகட்டுக்கு முன்பே முன்னது ஏறுவதும் பின்னது பூஜ்யத்தை நெருங்குவதும் கண்ணில் படும். கிரேடியன்ட் கிளிப்பிங் ஒரு படியின் நீளத்தைக் குறைக்குமே தவிர, ஏற்கெனவே வளர்ந்துவிட்ட லாஜிட்டை இறக்காது.

ViT-22B குழு எடுத்த வழி, பெருக்கத்துக்கு முன்பே குவெரி, கீ இரண்டையும் லேயர்நார்ம் வழியாக அனுப்புவது. நம் பலகைக் கணக்கின் d_k = 64-க்கு இப்படிச் செய்தால் ஒவ்வொன்றின் நீளமும் √64, அதாவது 8. பெருக்கம் 64-ஐத் தாண்டாது. எட்டால் வகுத்தால் லாஜிட்டின் உச்சவரம்பு 8. இவ்வளவும் சொல்லிவிட்டவரிடம் கடைசியாக ஒன்று கேட்கலாம். உச்சவரம்பு 8 என்றால், மற்றவை 0-இல் இருக்கும் ஒரு லட்சம் டோக்கன்களுக்கு நடுவே ஒன்றே ஒன்றின் மேல் பார்வையைக் குவிக்க முடியுமா? e⁸ சுமார் 2,981. அதற்குக் கிடைக்கும் பங்கு 3 சதவீதம்கூட இல்லை. நார்முக்குப் பின் கற்கப்படும் பெருக்குக்காரணி எதற்கு என்பதும், அந்தக் காரணியே வளர ஆரம்பித்தால் என்னவாகும் என்பதும் இனி அவர் பலகையில் போட்டுக் காட்ட வேண்டியவை.