‘விடல’ என்றால் நேற்றா, நாளையா? குற்றாலச் செய்தியில் எதிர்மறை வினைகள் படுத்தும் பாடு

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் தென்காசியிலிருந்து தினமும் ஒரே மாதிரியான செய்தி வரும். பேரருவியில் வெள்ளப்பெருக்கு, குளிக்கத் தடை. சிவகாசியிலோ மதுரையிலோ வேன் பேசி வைத்திருக்கும் குடும்பம், போகலாமா வேண்டாமா என்பதை அந்தச் செய்தியின் கடைசி வினைச்சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. அந்தச் சொல் குழப்பினால் வண்டி வாடகை வீண். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவனின் உயிரைக் கொண்டுபோன பிறகு, இதை வெறும் இலக்கண விஷயம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

ஓர் உதாரணம். அருவிக்கரையில் பாதுகாப்புப் பணியில் இருப்பவர் செய்தியாளரிடம் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “வேகம் இன்னும் குறையல. காலையில இருந்து யாரையும் விடல. தண்ணி இப்படி வந்தா எப்பவும் விடுறதில்ல. நாளைக்கும் விட மாட்டாங்கன்னு நினைக்கேன்.”

இதில் மூன்று ‘விடாமை’ இருக்கிறது. ‘விடல’ என்பது இன்று நடந்தது. ‘விடுறதில்ல’ என்பது வழக்கம். ‘விட மாட்டாங்க’ என்பது இனி நடக்கப்போவது. பேச்சுத் தமிழ் மூன்றையும் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. அலுவலக அறிக்கைக்கும் செய்திக்கும் மாற்றும்போதுதான் தவறு நேர்கிறது. எல்லாவற்றுக்கும் ‘-வில்லை’ போட்டால் எழுத்து நடை வந்துவிட்டது என்று நினைத்து, மூன்றையும் ‘அனுமதிக்கவில்லை’ என்று முடித்துவிடுகிறார்கள்.

சரியாக மாற்றினால்

நடந்ததற்கு: ‘காலை முதல் சுற்றுலாப் பயணிகள் அனுமதிக்கப்படவில்லை.’ வழக்கத்துக்கு: ‘வெள்ளப்பெருக்கின்போது அனுமதிக்கப்படுவதில்லை.’ வரப்போவதற்கு: ‘நாளை அனுமதிக்கப்பட மாட்டார்கள்.’

மூன்றாவதில் கவனம் தேவை. ‘மாட்டார்கள்’ என்று எழுதினால் முடிவு எடுத்தாயிற்று என்று பொருள். பணியாளர் சொன்னதோ ‘நினைக்கேன்’. உத்தரவு வராத நிலையில் ‘நாளையும் அனுமதிக்க வாய்ப்பில்லை என்று பணியாளர் ஒருவர் கூறினார்’ என்பதுதான் நேர்மையான வாக்கியம்.

‘மாட்டு’ இன்றைய உரைநடையில் மனிதருக்குத்தான் பொருந்தும். தண்ணீருக்கு ‘குறையாது’ போதும். ‘தண்ணி குறைய மாட்டேங்குது’ என்பது பேச்சில் அழகு. அறிக்கையில் ‘குறையவில்லை’ என்றே எழுத வேண்டும், கூடவே ‘காலை 8 மணி நிலவரப்படி’ என்று நேரமும் வேண்டும். ஏனென்றால் ‘-வில்லை’ நேற்றைக்கும் பொருந்தும், இந்த நிமிடத்துக்கும் பொருந்தும். பேச்சிலோ ‘நாளைக்கு நான் வரல’ என்று எதிர்காலத்துக்கும் ஓடும். யார் என்பதையும் அது காட்டாது: நான் வரவில்லை, அவர்கள் வரவில்லை, பேருந்து வரவில்லை எல்லாம் ஒரே வடிவம். ஆகவே காலமும் எழுவாயும் வாக்கியத்தில் தனியாக இருந்தாக வேண்டும்.

முடியல, முடியாது, கூடாது

‘குளிக்க முடியல’ என்பதிலும் இதே சிக்கல். ‘குளிக்க முடியவில்லை’ என்றால் போனவர்களுக்கு அன்று வாய்க்கவில்லை. ‘குளிக்க முடியாது’ என்றால் அதற்கான நிலை அங்கே இல்லை. ‘குளிக்கக் கூடாது’ என்றால் தடை. அறிவிப்புப் பலகைக்கு மூன்றாவதுதான் சரி. ‘முடியாது’ என்று எழுதினால் ‘எனக்கு முடியும்’ என்று இறங்க ஒருவர் வருவார்.

‘இது பாதுகாப்பான இடம் இல்லை’ என்பதும் அறிக்கைகளில் அடிக்கடி வருகிறது. ஒன்று இன்னொன்றாக இல்லாததைச் சொல்ல ‘அல்ல’ வேண்டும்: ‘பாதுகாப்பான இடம் அல்ல.’ பொருளே இல்லாததற்கு ‘இல்லை’: ‘இங்கே பாதுகாப்பு வேலி இல்லை.’

இன்னொரு தவறு, பிரித்து எழுதுவது. ‘குறைய வில்லை’ என்று இடைவெளி விட்டால் ‘வில்லை’ தனிச்சொல்லாகி மாத்திரையைக் குறிக்கும். ‘குறைய’வும் ‘இல்லை’யும் சேரும்போது நடுவில் வரும் ஒலிதான் ‘வ்’. அதைத் தனியே வெட்ட முடியாது.

பேச்சை விரட்ட வேண்டாம்

மக்கள் பேசுகிறபடியே எழுதினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மேற்கோள் குறிக்குள் தாராளமாக எழுதலாம். தென்காசிக்காரரின் ‘நினைக்கேன்’-ஐ ‘நினைக்கிறேன்’ ஆக்கத் தேவையில்லை. ஆனால் அறிக்கை தன் குரலில் சொல்லும் வாக்கியம் வேறு. பேசுபவரிடம் ‘இன்னைக்கா, நாளைக்கா?’ என்று திருப்பிக் கேட்டுவிடலாம். காகிதத்திடம் கேட்க முடியாது.

சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. எழுதிய வினைக்கு முன்னால் ‘நேற்று’, ‘வழக்கமாக’, ‘நாளை’ என்று மூன்றையும் வைத்துப் பார்க்கலாம். எது சொல்ல வந்த பொருளோ அது மட்டும் இயல்பாகப் பொருந்த வேண்டும். இரண்டு பொருந்தினால் வாக்கியத்தில் நாள் விடுபட்டிருக்கிறது. அதைச் சேர்த்துவிட்டு அனுப்பினால் வேன் பேசியவர் பிழைத்தார்.