நூற்றுக்குப் பத்து வட்டி: வருடத்துக்கு எவ்வளவு?

“நூற்றுக்குப் பத்துதானே” என்று சொல்லித்தான் தோட்டங்களில் வட்டிக்குப் பணம் கொடுக்கிறார்கள். அந்தப் பத்து ஒரு மாத வட்டி. வங்கி சொல்வதோ வருட வட்டி. அதனால் வங்கி 20 வீதம் கேட்டால் நமக்கு அது அதிகமாகத் தோன்றுகிறது. பத்தைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள், தோழர்களே: வட்டிக்காரர் கேட்பது வருடத்துக்கு 120 வீதம்.

அதோடும் முடியவில்லை. 10,000 ரூபாய் கடன் கேட்டால், முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 9,000 ரூபாயைத்தான் கையில் தருகிறார்கள். மாதாமாதம் நாம் கட்டும் 1,000 ரூபாய் அந்த 9,000 ரூபாய்க்குத்தான். அப்படியானால் நூற்றுக்கு 11 ரூபாய் 11 சதம். வருடத்துக்கு 133 வீதம். ஒரு வருடத்தில் வட்டியாக மட்டும் 12,000 ரூபாய் போய்விடும். முதல் 10,000 ரூபாய் அப்படியே நிற்கும்.

கட்டாத வட்டியை முதலோடு சேர்த்தால் இன்னும் மோசம். முழு 10,000 ரூபாயும் கைக்கு வந்திருந்தாலும், அடுத்த மாத வட்டி 11,000 ரூபாய்க்கு ஏறும். ஒன்றுமே கட்டாமல் 12 மாதம் போனால் கடன் 31,384 ரூபாயாகிவிடும். அது வருடத்துக்கு ஏறத்தாழ 214 வீதம்.

ஆகவே கையெழுத்து வைக்குமுன் இரண்டைக் கேளுங்கள்: கைக்கு வருவது எவ்வளவு? கட்டாத வட்டிக்கும் வட்டி உண்டா? பதிலைத் துண்டில் எழுதித் தோட்டத் தலைவரிடம் காட்டுங்கள்; சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.